கடலோரப் படத்தில் ஒரு மிதவை: நிறமும் உச்சிக்குறியும் ஒளியும் சொல்வது என்ன

கடலோரத்தில் எடுத்த படத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் அமைப்புகள் மூன்று விதமாகத் தென்படும். கரையிலோ பாறையிலோ உயர்ந்து நிற்பது கலங்கரை விளக்கம். சங்கிலியால் கடலடியில் கட்டப்பட்டு அலையோடு ஆடுவது மிதவை. ஆழம் குறைந்த நீரிலோ துறைமுக வாயிலின் அலைத்தடுப்புச் சுவர் முனையிலோ அசையாமல் ஊன்றப்பட்டிருப்பது, பீக்கன் என்று அழைக்கப்படும் கம்பக்குறி. இந்த மூன்றையும் தோற்றத்தால் பிரித்தறிவது கடினமன்று. அவற்றின் நிறத்தைப் படித்துப் பொருள் கொள்ளும்போதுதான் தவறுகள் நேர்கின்றன. மிதவைக்கும் கம்பக்குறிக்கும் உலகம் முழுவதும் பொதுவான நிறவிதி உண்டு. கலங்கரை விளக்கத்துக்கு அத்தகைய விதி கிடையாது.

கலங்கரை விளக்கத்தின் நிறம் அந்த ஒரு கோபுரத்தின் அடையாளம் மட்டுமே. அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே கரை முழுவதும் தாழ்ந்த மணற்பரப்பு. கடலிலிருந்து பார்ப்பவருக்கு மலையோ முனையோ துணைக்கு வராது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கட்டப்பட்ட உயரமான செங்கல் கோபுரங்கள் ஒன்றைப் போலவே மற்றொன்றும் இருந்ததால், பகலில் எந்த முனைக்கு எதிரே இருக்கிறோம் என்பது மாலுமிகளுக்கு விளங்கவில்லை. ஆகவே 1873இல் கேப் ஹேட்டரஸ் கோபுரத்துக்குச் சுற்றி ஏறும் கருப்பு வெள்ளைப் பட்டைகளும், பாடி தீவுக் கோபுரத்துக்குக் கிடைமட்டப் பட்டைகளும், கேப் லுக்அவுட் கோபுரத்துக்குச் சாய்சதுரக் கட்டங்களும் தீட்டப்பட்டன. 1875இல் செயல்படத் தொடங்கிய கரிட்டக் கோபுரம் வண்ணம் பூசப்படாமல் செங்கல் நிறத்திலேயே விடப்பட்டது. கேப் லுக்அவுட் கோபுரத்தில் கருப்புச் சாய்சதுரங்கள் வடக்கு தெற்காகவும் வெள்ளைச் சாய்சதுரங்கள் கிழக்கு மேற்காகவும் அமைந்திருக்கின்றன. எனவே எது நம்மை நேராக நோக்குகிறது என்பதைக் கொண்டு, படம் எத்திசையிலிருந்து எடுக்கப்பட்டது என்றுகூட ஊகிக்கலாம்.

பட்டைகளைத் தேர்ந்தெடுப்பதில் பின்னணியும் சேர்ந்து கணக்கிடப்படுகிறது. இருண்ட மரங்களுக்கு முன்னே நிற்கும் கோபுரத்துக்கு வெள்ளை போதும். வெளிறிய வானத்துக்கும் வீடுகளுக்கும் முன்னே நிற்பதற்குச் சிவப்போ கருப்போ வேண்டும். சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் பெட்ரா பிராங்கா பாறை மீது 1851 முதல் நிற்கும் ஹார்ஸ்பர்க் கோபுரத்தில் கருப்பு வெள்ளைப் பட்டைகளைக் காண்கிறோம். சென்னை மெரினாவில் 1977 முதல் இயங்கிவரும் முக்கோண வடிவக் கோபுரத்தில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வருகின்றன. அந்தச் சிவப்புக்கு ‘இடப்பக்கம்’ என்றோ ‘ஆபத்து’ என்றோ பொருளில்லை. நகரக் கட்டடங்களுக்கு நடுவே கோபுரத்தை எடுத்துக்காட்டுவதே அதன் வேலை. மகாபலிபுரத்துக் கோபுரமோ பட்டை எதுவுமின்றிக் கல்லின் நிறத்திலேயே நிற்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். விமானங்களுக்கு எச்சரிக்கையாகத் தொலைத்தொடர்புக் கோபுரங்களுக்கும் அனல் மின்நிலையப் புகைபோக்கிகளுக்கும் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்டுவது வழக்கம். தொலைவிலிருந்து எடுத்த படத்தில் அவை கலங்கரை விளக்கம்போலவே தெரியும். பட்டைகளை விட்டுவிட்டு உச்சியைப் பெரிதாக்கிப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் கண்ணாடி சூழ்ந்த விளக்கறையும், அதைச் சுற்றிக் கைப்பிடியுடன் கூடிய நடைமேடையும் பெரும்பாலும் இருக்கும். புகைபோக்கியின் வாய் திறந்திருக்கும். தொலைத்தொடர்புக் கோபுரத்தின் உச்சி அலைவாங்கிகளால் நிறைந்திருக்கும். இரவுப் படத்தில் அவற்றின் விளக்குகள் பெரும்பாலும் சிவப்பாக, சில இடங்களில் ஒரே கோபுரத்தில் பல உயரங்களில் எரியும். கலங்கரை விளக்கத்தின் ஒளி உச்சியிலுள்ள ஒரே இடத்திலிருந்து வரும்.

மிதவைகளின் விதிக்கு வருவோம். 1970களின் நடுப்பகுதி வரை உலகில் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் வழக்கில் இருந்தன. ஒரு நாட்டில் ஒரு பொருள் தந்த நிறம் மற்றொரு நாட்டில் நேரெதிர்ப் பொருள் தந்தது. 1971 ஜனவரி 11 அன்று டோவர் நீரிணையில் டெக்சாகோ கரீபியன் என்ற எண்ணெய்க் கப்பல் மோதலில் மூழ்கியது. மறுநாளே பிராண்டன்பர்க் என்ற கப்பல் அந்தச் சிதைவின் மீது மோதி மூழ்கியது. அதன்பின் அவ்விடத்தைச் சுற்றி அடையாளங்கள் வைக்கப்பட்டும், பிப்ரவரி இறுதியில் நிக்கி என்ற கப்பல் அதே இடத்தில் மோதி மூழ்கியது. மூன்று கப்பல்களிலுமாக 51 பேர் மாண்டனர். பொதுமுறை ஒன்றை உருவாக்கும் முயற்சிக்கு இந்த உயிரிழப்பு வேகம் கொடுத்தது. ஐயாலா என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டுக் கலங்கரை விளக்க அமைப்பு அந்த முறையை வகுத்தது. 1980இல் டோக்கியோவில் கூடிய மாநாட்டில் இன்றைய வடிவம் ஏற்கப்பட்டது.

ஆனால் சிவப்பு, பச்சை விஷயத்தில் மட்டும் உலகை ஒன்றாக்க முடியவில்லை. கடலிலிருந்து துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலுக்கு இடப்பக்கத்தில் சிவப்பும் வலப்பக்கத்தில் பச்சையும் இருப்பது ‘ஏ’ மண்டலம். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, ஆசியாவின் பெரும்பகுதி ஆகியவை இதில் அடங்கும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா நான்கும் இந்த மண்டலத்திலேயே இருக்கின்றன. வட, தென் அமெரிக்கக் கரைகள், ஜப்பான், தென் கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகியவை ‘பி’ மண்டலத்தைச் சேர்ந்தவை. அங்கே நிறங்கள் இடம் மாறும். வடிவம் மாறுவதில்லை. இரு மண்டலங்களிலும் இடப்பக்கக் குறி உருளை வடிவம், வலப்பக்கக் குறி கூம்பு வடிவம். ஆகவே உச்சியில் தட்டையான உருளை இருக்கும் மிதவை பச்சை நிறத்தில் தெரிந்தால், அந்தப் படம் ‘பி’ மண்டலத்தில் எடுக்கப்பட்டது என்பதற்கு அதுவே சான்றாகிவிடுகிறது. எந்த நாடு என்று தெரியாத படத்தை இடம் காண முயல்பவருக்கு இது மிகவும் உதவும் நுணுக்கம்.

துறைமுகப் படங்களில் அடிக்கடி நேரும் தவறு பக்கத்தைப் பற்றியது. ‘இடம், வலம்’ என்பவை உள்ளே வரும் கப்பலின் பார்வையில் சொல்லப்படுபவை. படம் எடுப்பவரோ பெரும்பாலும் கரையில் நின்று கடலைப் பார்த்து எடுக்கிறார். அவருடைய படத்தில் அலைத்தடுப்புச் சுவரின் சிவப்புக் கம்பக்குறி வலப்பக்கத்திலும் பச்சைக் கம்பக்குறி இடப்பக்கத்திலும் விழும். அதைப் பார்த்து இது ‘பி’ மண்டலம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முதலில் கேமரா நோக்கும் திசையை உறுதி செய்ய வேண்டும்: துறைமுக வாயிலுக்கு அப்பால் வெறும் அடிவானம் இருக்கிறதா, கட்டடங்களும் பளுதூக்கிகளும் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். சில கைப்பேசிகளில் முன்பக்கக் கேமராவால் எடுத்த படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகப் புரண்டு சேமிக்கப்படும். படத்திலுள்ள படகின் பெயரையோ பலகையின் எழுத்தையோ படித்துப் பார்த்து அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம்.

மண்டல வேறுபாடு பாதிக்காத குறிகளில் படத்தை ஆராய்பவருக்கு மிகுந்த பயன் தருவது திசைக்குறி. கடலடிப் பாறை, மணல்திட்டு போன்ற ஆபத்துக்கு எந்தப் பக்கத்தில் பாதுகாப்பாகக் கடக்கலாம் என்பதை அது சொல்கிறது. வடக்குத் திசைக்குறி என்றால் அதற்கு வடக்கே செல்லலாம். ஆபத்து அதன் தெற்கே இருக்கிறது. எல்லாத் திசைக்குறிகளும் மஞ்சளும் கருப்புமாக இருக்கும். உச்சியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கருப்புக் கூம்புகள் இருக்கும். வடக்குக்கு இரண்டு கூம்புகளும் மேல்நோக்கியும், தெற்குக்கு இரண்டும் கீழ்நோக்கியும் நிற்கும். கிழக்குக்கு மேற்கூம்பு மேல்நோக்கியும் கீழ்க்கூம்பு கீழ்நோக்கியும் இருப்பதால் அடிப்பகுதிகள் ஒன்றையொன்று நோக்கும். மேற்குக்கு நுனிகள் ஒன்றையொன்று நோக்கும்.

இந்த அமைப்பின் அழகு, உச்சிக்குறியும் உடலின் நிறமும் ஒரே செய்தியை இருமுறை சொல்வதில் இருக்கிறது. கூம்புகளின் நுனி எங்கே காட்டுகிறதோ அங்கே கருப்பு இருக்கும். வடக்கில் நுனிகள் மேலே. ஆகவே மேற்பகுதி கருப்பு, கீழ்ப்பகுதி மஞ்சள். தெற்கில் மேலே மஞ்சள், கீழே கருப்பு. கிழக்கில் மேலும் கீழும் கருப்பு, நடுவில் மஞ்சள். மேற்கில் மேலும் கீழும் மஞ்சள், நடுவில் கருப்பு. கடல் இவற்றில் ஒன்றைச் சிதைத்தாலும் மற்றொன்றிலிருந்து மீட்டுக்கொள்ளலாம்.

மீட்டெடுப்பது எப்படி என்பதை ஒரு படத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். மாலை நேரம், கடலில் சூரியன் இறங்கும் பக்கத்தை நோக்கிக் கரையிலிருந்து எடுத்த படம். அதில் ஒரு தூண் மிதவை. அதன் மேற்பகுதி மங்கிய மஞ்சள்; அதற்குக் கீழே கருப்பு; நீர்மட்டத்துக்கு அருகே இன்னது என்று சொல்ல முடியாத இருண்ட நிறம். உச்சியில் ஒரே ஒரு கூம்புதான் இருக்கிறது, நுனி மேல்நோக்கி. அதற்கு மேலே வெறும் கம்பி நீண்டுகொண்டிருக்கிறது. அவசரமாகப் பார்ப்பவர் மேலே மஞ்சள், கீழே கருப்பு என்று படித்து, இது தெற்குத் திசைக்குறி என்று சொல்லிவிடுவார்.

ஆனால் தெற்குத் திசைக்குறியில் மேல்நோக்கிய கூம்பு இருக்கவே முடியாது. அதன் இரண்டு கூம்புகளும் கீழ்நோக்கியவை. எனவே உடைந்து போனது எதுவாக இருந்தாலும், மிஞ்சியிருக்கும் ஒரு கூம்பே தெற்கை நீக்கிவிடுகிறது. மேல்நோக்கிய கூம்பு வடக்கில் உண்டு, கிழக்கின் மேற்கூம்பாக உண்டு, மேற்கின் கீழ்க்கூம்பாக உண்டு. முதல் இரண்டிலும் உடலின் மேற்பகுதி கருப்பாக இருந்தாக வேண்டும். நம் படத்தில் அது மஞ்சள். ஆகவே எஞ்சுவது மேற்கு மட்டுமே. கூம்புக்கு மேலே நீளும் வெறும் கம்பியும் இதற்கு ஒத்துவருகிறது: மிஞ்சியது கீழ்க்கூம்பு, விழுந்தது மேற்கூம்பு. அப்படியானால் நீர்மட்டத்திலுள்ள இருண்ட பகுதியும் மஞ்சளாகத்தான் தீட்டப்பட்டிருக்க வேண்டும். மிதவையின் அடிப்பகுதியில் பாசியும் சிப்பிகளும் படர்ந்து எந்த நிறத்தையும் இருளச் செய்வது இயல்பு. சூரியனுக்கு எதிரே எடுத்த படத்தில் அந்த இருள் கருப்பாகவே தோன்றும்.

இனி, கண்ட முடிவைச் சூழலோடு ஒப்பிடலாம். மேற்குத் திசைக்குறி என்றால் கப்பல்கள் அதன் மேற்கே செல்ல வேண்டும், ஆபத்து அதன் கிழக்கே இருக்கிறது. படம் மேற்கு நோக்கி எடுக்கப்பட்டதால், மிதவையின் கிழக்கு என்பது மிதவைக்கும் நமக்கும் இடைப்பட்ட நீர். அந்த இடத்தில் அலை காரணமின்றி வெண்ணுரையாக உடைவதோ நீரின் நிறம் வெளிறியிருப்பதோ படத்தில் தெரிந்தால், திட்டு அங்கேயே இருக்கிறது என்பதற்கு அது தனிச்சான்று. தெரியாவிட்டால் முடிவு பொய்யாகிவிடாது. ஆபத்து நீருக்கு அடியில் சில மீட்டர் ஆழத்திலும் இருக்கலாம்.

இதே எச்சரிக்கை மற்ற நிறங்களுக்கும் பொருந்தும். வெயிலில் சிவப்பு வெளுத்து ஆரஞ்சாகும். பின்னொளியில் பச்சை கருப்பாகத் தெரியும். பறவை எச்சம் கருப்பு உச்சிக்குறியை வெள்ளையாக்கிவிடும். கைப்பேசிகள் தாமாகவே நிறத்தைக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. ஆகவே தனியொரு நிறத்தின் சாயலை நம்புவதைக் காட்டிலும், இருண்டது எது, வெளிறியது எது, அவை எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை நம்புவது மேல். உடலின் வடிவமும் எப்போதும் உதவாது: தூண் வடிவ மிதவை எல்லா வகைக்கும் பயன்படுகிறது, அதில் உச்சிக்குறிக்கு மட்டுமே பொருளுண்டு.

திசைக்குறியோடு குழம்பக்கூடியது தனி ஆபத்துக் குறி. அது கருப்பு உடலில் சிவப்புப் பட்டையும் உச்சியில் இரண்டு கருப்புப் பந்துகளும் கொண்டது. சுற்றிலும் கப்பல் செல்லத்தக்க நீர் இருக்க, நடுவில் உள்ள ஒற்றை ஆபத்தின் மேலேயே வைக்கப்படுவது. தெளிவற்ற படத்தில் கிழக்குக் கூம்புகள் பந்துகளாகத் தோன்றலாம் என்பதால் பட்டை சிவப்பா மஞ்சளா என்று பார்க்க வேண்டும். சிவப்பு வெள்ளைச் செங்குத்துக் கோடுகளும் ஒரு சிவப்புப் பந்தும் கொண்ட மிதவை பாதுகாப்பான நீரைக் குறிக்கிறது. அதைத் துறைமுகத்தை நெருங்கும் வழியின் தொடக்கத்தில் காணலாம். பட்டை கிடைமட்டமா செங்குத்தா என்பது இங்கே முக்கியம். முழு மஞ்சளும் பெருக்கல் குறி போன்ற உச்சிக்குறியும் குழாய்ப்பாதை, அளவீட்டுக் கருவி போன்ற சிறப்புப் பயன்பாட்டுக்குரியவை. நீலமும் மஞ்சளுமான செங்குத்துக் கோடுகள் புதிதாக மூழ்கிய கப்பலைக் குறிப்பவை. 2002 டிசம்பரில் ஆங்கிலக் கால்வாயில் மூழ்கிய டிரைகலர் கப்பலின் மீது அடுத்த சில வாரங்களுக்குள் வேறு இரண்டு கப்பல்கள் மோதிய பிறகே இந்த மிதவை முறைக்குள் வந்தது.

இரவில் நிறமும் வடிவமும் மறைந்து, ஒளியின் தாளம் மட்டுமே மிஞ்சுகிறது. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு சுழற்சிக் காலம் உண்டு. அதற்குள் எத்தனை மின்னல்கள், எந்த இடைவெளியில் என்பதே அதன் அடையாளம். கேப் ஹேட்டரஸ் 7.5 நொடிக்கு ஒருமுறை மின்னும். இங்கிலாந்தின் எடிஸ்டன் 10 நொடிக்கு இருமுறை மின்னும். திசைக்குறிகள் வெள்ளை ஒளியைக் கடிகார முகத்தின் ஒழுங்கில் வீசுகின்றன: கிழக்கு 3 மின்னல்கள், தெற்கு 6, மேற்கு 9, வடக்கு இடைவிடாமல். இவை நொடிக்கு ஏறக்குறைய ஒன்று அல்லது இரண்டு என்ற விரைவில் வரும். அலைகளுக்கு நடுவே எண்ணுபவர் 3, 6, 9 ஆகியவற்றைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்கத் தெற்கின் ஆறு மின்னல்களுக்குப் பிறகு, குறைந்தது 2 நொடி நீடிக்கும் ஒரு நீண்ட ஒளி சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஒரு நிழற்படத்தில் காலம் பதிவதில்லை என்பதே இங்குள்ள தடை. முக்காலியில் வைத்து 30 நொடி திறந்து எடுத்த படத்தில் கோபுர விளக்கின் எல்லா மின்னல்களும் ஒரே புள்ளியில் குவிந்துவிடும், எண்ணுவதற்கு வழியில்லை. கேமராவோ விளக்கோ அசைந்தால்தான் எண்ண முடியும். படகிலிருந்து எடுத்த நீண்ட நேரப் படத்தில் மிதவையின் ஒளி புள்ளிகளாகச் சிதறி ஒரு வளைகோட்டை உண்டாக்கும். 30 நொடி திறந்திருந்த படத்தில் மும்மூன்று புள்ளிகளாக மூன்று கூட்டங்கள் தெரிந்தால், அது 10 நொடிக்கு மூன்று மின்னல்கள் வீசும் கிழக்குத் திசைக்குறி. ஒன்பது ஒன்பதாக இரண்டு கூட்டங்கள் தெரிந்தால், 15 நொடிச் சுழற்சி கொண்ட மேற்கு. ஒரு கூட்டத்தின் இரு புறமும் இருள் தெரிகிறதா என்பதை மட்டும் மறக்காமல் பார்க்க வேண்டும். 5 நொடியே திறந்திருந்த படத்தில் கோட்டின் ஓரத்தில் மூன்று புள்ளிகள் இருந்தால், அவை மூன்றா, ஒன்பதின் கடைசி மூன்றா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒளியின் நிறத்தைப் புள்ளியின் நடுவில் தேடக் கூடாது. அதிக ஒளியால் நிரம்பிய நடுப்பகுதி சிவப்பு விளக்கிலும் வெள்ளையாகவே பதியும். அதைச் சூழ்ந்த மங்கலான வளையத்திலும் நீரில் விழும் நீண்ட பிரதிபலிப்பிலும்தான் உண்மை நிறம் தங்கியிருக்கும். சில விளக்குகள் திசைக்கேற்ப நிறம் மாறுபவை என்பதையும் கருத வேண்டும். பாதுகாப்பான வழியில் வெள்ளையும் பாறைகளின் பக்கம் சிவப்பும் வீசும் விளக்கு, இரண்டு இடங்களிலிருந்து எடுத்த படங்களில் இரண்டு நிறமாகத் தெரிந்தாலும் ஒரே விளக்குதான்.

இயன்றால் நிழற்படத்தோடு ஒரு நிமிடக் காணொளியும் எடுத்துக்கொள்வது நல்லது. மூன்று நான்கு சுழற்சிகள் அதில் அடங்கிவிடும். ஒரு கூட்டத்தின் முதல் மின்னலிலிருந்து அடுத்த கூட்டத்தின் முதல் மின்னல் வரை உள்ள நொடிகளை எண்ணினால் சுழற்சிக் காலம் கிடைக்கும்; இடையிலுள்ள இருளை மட்டும் எண்ணினால் கிடைக்காது. அந்த எண்ணை, மின்னல்களின் தொகையோடும் நிறத்தோடும் சேர்த்துக் கடல் வரைபடத்தில் அவ்விடத்துக்கு எழுதப்பட்டிருப்பதோடு ஒப்பிட்டால், அந்தக் கரையில் அது எந்த விளக்கு என்பது பெரும்பாலும் ஒரே பெயரில் முடிந்துவிடும்.